வேலையில் சேர்ந்த பிறகும் வரும் அழைப்புகள்: கன்சல்டன்சியிடம் விவரங்களை நீக்கச் சொல்வது எப்படி?

"நான்கு மாதங்களுக்கு முன்பு வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். முன்பு எனக்கு நேர்காணல் ஏற்பாடு செய்த கன்சல்டன்சியிலிருந்து இன்னும் வாரம் ஒரு அழைப்பாவது வருகிறது. சேர்ந்துவிட்டேன் என்று சொன்னால் ஒருவர் சரி என்கிறார். அடுத்த வாரம் வேறொருவர் அழைக்கிறார். அவர்களிடம் இருக்கும் என் விவரங்களை முழுவதுமாக நீக்கச் சொல்லலாமா? கேட்டால் பின்னாளில் எனக்கு இடைஞ்சல் வருமா?"

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அழைப்பு நிற்க வேண்டும் என்பதும் விவரம் அழிய வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஒன்றை அரைகுறையாகக் கேட்டால் மற்றொன்று கெட்டுப்போகும். சென்னையில் இரண்டு கன்சல்டன்சிகளில் பதின்மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி ஐந்து ஆண்டுகள் அவர்களுடைய விண்ணப்பதாரர் மென்பொருளைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. இத்தகைய கோரிக்கைகள் என் மேசைக்குத்தான் வரும். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், உங்களை ஏன் மறுபடி மறுபடி அழைக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு கன்சல்டன்சியில் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு எக்செல் தாள் ஓடும். அந்த வேலைக்காக யாரை அழைத்தோம், என்ன சொன்னார்கள், நோட்டீஸ் காலம் எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். நீங்கள் "வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன்" என்று சொன்னதும் அந்தப் பெண்ணோ பையனோ அந்தத் தாளில்தான் குறித்துக்கொள்வார். மையப் பட்டியலில் இருக்கும் உங்கள் பதிவை அவர் தொட்டிருக்கவே மாட்டார். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது அழைப்புகள் பேசியாக வேண்டியவர். ஒவ்வொருவரின் பதிவையும் திறந்து திருத்த அவருக்கு நேரமும் இல்லை, அதை யாரும் கேட்பதும் இல்லை. அடுத்த வாரம் வேறொரு வேலை வருகிறது. வேறொருவர் மையப் பட்டியலில் உங்கள் தொழில்நுட்பத்தையும் அனுபவத்தையும் ஊரையும் போட்டுத் தேடுகிறார். நான்கு மாதங்களுக்கு முன்பு இருந்த நிலையிலேயே நீங்கள் வந்து நிற்கிறீர்கள். உங்கள் பேச்சை யாரும் அலட்சியம் செய்யவில்லை; அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதனால் அழைக்கும் ஒவ்வொருவரிடமும் கோபப்பட்டுப் பயனில்லை.

இனி, முழுவதுமாக நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானே செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். 2017-இல் ஒரு மின்பொறியாளர் எங்களுக்கு எழுதினார். அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். பணிநேரத்தில் அழைப்பு வந்தால் மேலாளர் சந்தேகப்படுகிறார், தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பணிவாகக் கேட்டிருந்தார். அன்றைக்கே அவருடைய பதிவைத் திறந்து, ரெஸ்யூமே, குறிப்புகள், தொலைபேசி எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முடித்துவிட்டோம் என்று பதில் போட்டேன். ஒன்பதாம் நாள் எங்கள் அலுவலகத்திலிருந்தே அவருக்கு அழைப்பு போயிருக்கிறது. இரண்டாவது கடிதத்தில் பணிவு குறைந்திருந்தது. அதில் நியாயமும் இருந்தது.

என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். வேலைவாய்ப்பு இணையதளத்தில் அவருடைய ரெஸ்யூமே இன்னும் திறந்தே இருந்தது. எங்கள் ஆள் ஒருவர் அங்கே தேடி, இருபது ரெஸ்யூமேக்களைப் பதிவிறக்கி, மென்பொருளில் ஏற்றியிருக்கிறார். ஏற்றும்போது அந்த மென்பொருள் மின்னஞ்சல் முகவரியையும் கைபேசி எண்ணையும் வைத்து, இவர் ஏற்கெனவே இருக்கிறாரா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். பழைய பதிவு இருந்தால் மஞ்சள் பட்டையில் எச்சரிக்கை காட்டும். நான்தான் அந்தப் பழைய பதிவை வேரோடு பிடுங்கிவிட்டேனே. ஒப்பிட எதுவும் இல்லை. அவர் புத்தம்புது ஆளாக உள்ளே வந்துவிட்டார். அழைக்க வேண்டாம் என்று அவர் கேட்டதற்கான ஒரே சாட்சியையும் சேர்த்து நான் அழித்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த வழியைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். "எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ரெஸ்யூமே, சம்பள விவரம், குறிப்புகள், ஆவண நகல்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். என் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மட்டும் 'தொடர்புகொள்ளக் கூடாது' என்ற குறியோடு வைத்திருங்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலான விண்ணப்பதாரர் மென்பொருள்களில் இந்தக் குறியைப் போட வழி இருக்கிறது. வெறும் எக்செல் தாளில் நடத்தும் சிறிய அலுவலகத்திலும் தனித் தாள் ஒன்று வைத்துக்கொள்ளலாம். நீக்கச் சொல்லிவிட்டு எண்ணை மட்டும் விட்டுவைப்பதா என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டு வாசலில் ஆளை அடையாளம் கண்டு திருப்பி அனுப்ப, காவலாளிக்கு அந்த ஆளின் முகம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அதைப் போலத்தான் இது. அழைப்பு வந்தாலும் பரவாயில்லை, என் சுவடே அங்கே இருக்கக் கூடாது என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் முழு நீக்கத்தைக் கேளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகைதான் உங்களுக்குப் பொருந்தும்.

ஆனால் கடிதம் எழுதுவதற்கு முன்னால், ஊற்றை அடைக்க வேண்டும். வேலை தேடியபோது எந்தெந்தத் தளங்களில் ரெஸ்யூமே ஏற்றினீர்கள் என்று உட்கார்ந்து நினைவுகூருங்கள். ஒவ்வொன்றிலும் போய், ஆள் தேடுவோர் கண்ணில் படாதபடி மறைக்கவோ, கணக்கையே மூடவோ செய்யுங்கள். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பணம் கட்டித் தேடும் கன்சல்டன்சிகளுக்கு, கடந்த சில நாட்களில் தளத்துக்கு வந்து போனவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீங்கள் உள்ளே போய், புதிய நிறுவனத்தின் பெயரைச் சேர்த்து, "இப்போது வேலை தேடவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வந்தால், தளத்தின் கணக்கில் நீங்கள் இன்றைக்குச் சுறுசுறுப்பாக இருக்கும் ஆள். தேடலில் மேலே ஏறிவிடுவீர்கள். அந்த ஒரு வரியைப் படிக்கும் அளவுக்கு யாரும் கீழே இறங்குவதில்லை. வேலையில் சேர்ந்து விவரத்தைப் புதுப்பித்த பிறகு அழைப்புகள் கூடிவிட்டன என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். உள்ளே போனால் அதே அமர்விலேயே மறைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அடுத்தது, அவர்களிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்பது. ரெஸ்யூமேவைப் பற்றி மட்டும் நினைக்கிறோம். நேர்காணல் வரை போயிருக்கிறீர்கள் என்றால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், பான் எண், சில சமயம் ஆதார் நகல், பழைய நிறுவனத்தின் பணிநியமனக் கடிதம் இவையெல்லாம் போயிருக்கும். அவற்றைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருப்பீர்கள், அதுவும் அந்த ஊழியரின் சொந்தக் கைபேசிக்கு. அவர் வேலையை விட்டுப் போனால் அந்த நகல்களும் அவரோடு போகும். எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். வாரம் ஒரு அழைப்பு தொல்லை என்றால், யாருடைய கைபேசியிலோ கிடக்கும் பான், ஆதார் நகல் ஆபத்து. ஆகவே கடிதத்தில் "என் விவரங்கள்" என்று பொதுவாக எழுதாமல், கொடுத்த ஆவணங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய தேதியும் எண்ணும் உங்கள் கைபேசியில் இருக்கும், அதையும் குறிப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கேட்கும் ஒன்றை யாராவது தேடிப் பார்த்தாக வேண்டும். பொதுவாகக் கேட்டால் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு முடிந்தது என்பார்கள்.

கடிதத்தை உங்களை அழைக்கும் ஊழியருக்கு அனுப்புவதில் பலன் குறைவு. பதிவை அழிக்கும் உரிமை பெரும்பாலும் அவருக்கு இருக்காது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தனியுரிமைக் கொள்கை என்ற பகுதியின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரியோ குறைதீர் அலுவலரின் பெயரோ இருக்கும். அதற்கு அனுப்பி, ஊழியருக்கு நகல் போடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் பொது முகவரிக்கு, கிளை மேலாளரின் கவனத்துக்கு என்று எழுதுங்கள். அவர்களிடம் பதிவாகியிருக்கும் அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்புவது முக்கியம். வேறு முகவரியிலிருந்து போனால், கேட்பது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய அடையாள அட்டை கேட்பார்கள். நீக்கச் சொல்லப் போய் இன்னொரு நகலைக் கொடுத்துவிட்டு வருவது போலாகும். புதிய அலுவலக மின்னஞ்சலிலிருந்து ஒருபோதும் அனுப்பாதீர்கள். எங்கே சேர்ந்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இவ்வளவு இருந்தால் போதும்: "நான் இன்ன மாதம் வேறு நிறுவனத்தில் பணியில் சேர்ந்துவிட்டேன். வேலைவாய்ப்புக்காக என் விவரங்களைப் பயன்படுத்த நான் அளித்த ஒப்புதலை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். என் ரெஸ்யூமே, சம்பள விவரம், நேர்காணல் குறிப்புகள், பான் மற்றும் ஆதார் நகல்கள், இன்ன தேதியில் இன்ன எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை நீக்குங்கள். மறுபடி தொடர்புகொள்ளாமல் இருப்பதற்காக மட்டும் என் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். என் விவரங்களை எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியலைத் தாருங்கள். நீக்கியதும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏதேனும் ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தால், எதை, ஏன், எதுவரை என்று சொல்லுங்கள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முழுதும் மறுப்பதற்குப் பதிலாக, ஒரு பகுதியைச் செய்துவிட்டு மீதிக்குக் காரணம் சொல்ல அது அவர்களுக்கு வழி தருகிறது.

எதை அவர்கள் வைத்திருக்க நியாயமான காரணம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமேவை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதமோ ஓராண்டோ உங்களை அங்கே அறிமுகப்படுத்தியது தாங்கள்தான் என்ற உரிமை அவர்களுக்கு இருக்கும். காலம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதற்குள் நீங்கள் எந்த வழியாக அங்கே சேர்ந்தாலும் கட்டணம் கேட்பார்கள். அதற்கு ஆதாரமாக உங்கள் பெயர், அனுப்பிய தேதி, எந்த வேலை என்ற அளவுக்குக் குறிப்பை வைத்திருப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு உங்கள் சம்பளச் சீட்டும் ஆதார் நகலும் தேவையில்லை. இப்போது நீங்கள் இருக்கும் நிறுவனத்துக்கே இவர்கள் முன்பு உங்களை அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. கட்டணத் தகராறு ஏதும் இருக்கிறதா என்று உங்கள் மனிதவளத் துறையில் கேட்டுவிட்டு, பிறகு எழுதுங்கள். கன்சல்டன்சி தன் வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்ட பிரதிகளைத் திரும்ப அழிக்க அதனால் முடியாது. பட்டியலைக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான். தேவைப்பட்டால் அந்த நிறுவனங்களுக்கு நீங்களே எழுதலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, உறுதியானதையும் இன்னும் உறுதியாகாததையும் பிரித்துச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல, தொழிலுக்காகப் படித்தவன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்கிறது. தரவை நீக்கக் கேட்கும் உரிமை 12-ஆம் பிரிவில் இருக்கிறது. இவை உறுதி. ஆனால் இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதுவரை இந்தச் சட்டத்தைக் காட்டி அபராதம் என்று மிரட்டினால், விவரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் உங்கள் கடிதத்தின் வலுதான் குறையும். அந்த விதிகளிலேயே சில பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. நீக்கக் கேட்பவரின் உரிமையோடு அதை எப்படிப் பொருத்துவார்கள் என்பது நடைமுறையில்தான் தெளிவாகும். நீங்களாகவே பொதுவெளியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதும் கவனிக்க வேண்டியது. திறந்து கிடக்கும் லிங்க்ட்இன் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று அவர்கள் சொல்ல இடமுண்டு. ஆள் எடுக்கும் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால், அந்த நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். அங்குள்ள சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நீக்கிவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் அழைப்பு வரலாம். அப்போது எரிச்சலைச் சற்று அடக்கிக்கொண்டு, அழைப்பவர் உங்களைப் பற்றி எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். உங்கள் ரெஸ்யூமேவில் இருப்பதை மட்டும் சொன்னால், அது ஏதோ ஒரு தளத்திலிருந்து புதிதாக எடுத்ததாக இருக்கலாம். நீங்கள் மறந்துபோன கணக்கு ஒன்று எங்கோ திறந்திருக்கிறது. அதற்கு மாறாக, ரெஸ்யூமேவில் எழுதாத ஒன்றைச் சொன்னால், அதாவது எவ்வளவு சம்பளம் எதிர்பார்த்தீர்கள், எந்த ஊருக்கு வர மாட்டேன் என்றீர்கள் என்பது போல அன்று தொலைபேசியில் மட்டும் பேசியதைச் சொன்னால், அது அவர்களுடைய பழைய குறிப்பிலிருந்துதான் வந்திருக்க முடியும். அப்போது நீக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அந்த ஊழியரின் பெயரையும் நேரத்தையும் அவர் சொன்ன விவரத்தையும் குறித்துக்கொண்டு, முதல் கடிதத்துக்கு வந்த பதிலின் மேலேயே அதை எழுதி அனுப்புங்கள். என் மேசைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தபோது, யாரோ பழைய எக்செல் தாளை மடிக்கணினியில் தனியாக வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். அந்த விண்ணப்பதாரர் எழுதியிராவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

இடைஞ்சல் வருமா என்ற கேள்வி கடைசி. நீக்கக் கேட்டதற்காக ஒருவரை ஒதுக்கிவைத்ததை நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது இந்த இரண்டு அலுவலகங்களில் மட்டும்தான். பெரிய நிறுவனங்களின் உள்பட்டியல்களைப் பற்றி இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். கன்சல்டன்சிகள் மனத்தில் வைத்துக்கொள்வது வேறொன்று: வேலையை ஒப்புக்கொண்டு, சேரும் நாளில் வராமல், தொலைபேசியையும் எடுக்காமல் போனவர்களை. இவர்கள் மூலம் கிடைத்த வேலையை அப்படி விட்டுவிட்டுத்தான் நீங்கள் இப்போதைய இடத்தில் சேர்ந்தீர்கள் என்றால், அந்தக் குறிப்பை அவர்கள் எளிதில் அழிக்க மாட்டார்கள். கடிதத்தில் அதற்காக ஒரு வரி வருத்தம் தெரிவிப்பது நல்லது. அப்படி இல்லையென்றால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி வேலை தேடும்போது, உங்கள் பழைய பதிவு இருந்தாலும் அதிலுள்ள சம்பளமும் அனுபவமும் காலாவதி ஆகியிருக்கும். எப்படியும் புதிய ரெஸ்யூமே கேட்பார்கள். அப்போது மறக்காமல் 'தொடர்புகொள்ளக் கூடாது' என்ற குறியை எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குறி இருக்கும் வரை, நீங்கள் அனுப்பும் புதிய ரெஸ்யூமேவும் அதே மஞ்சள் பட்டையில் முட்டி நிற்கும்.